காரணம் பிறகு

தடதடவென்று கூரைத் தகரம் அதிர்ந்தது. ஒரு குரங்குக் கூட்டமே முல்லைத்தீவு நீதிமன்றத்தின் மேல் குதித்துவிட்டது போலும். நீதிபதி சிற்றம்பலம் சத்தம் அடங்கும்வரை பேச்சை நிறுத்தினார். பிறகு சுருக்கெழுத்தர் யோகலிங்கத்தைப் பார்த்தார்.

“மனு தள்ளுபடி. முதல் அதை அடியும் தம்பி. காரணம் பிறகு சொல்லுறன்.”

யோகலிங்கத்தின் விரல்கள் தட்டச்சுப்பொறியின் மேல் அப்படியே நின்றுவிட்டன. அது நாகேஸ்வரியின் மனு. அவன் குடியிருப்பது அவள் வீட்டு முன்னறையில்தான்.

வழக்கு சிக்கலானதல்ல. வடமாகாணத் தமிழ்ப் பெண்ணுக்குப் பொருந்தும் சட்டப்படி, தன் சீதனக் காணியை விற்கக்கூட அவளுக்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். கணவன் கைவிட்டுப் போயிருந்தால் அந்தச் சம்மதத்தை நீதிமன்றமே கொடுக்கலாம். நாகேஸ்வரியின் கணவன் செல்வநாயகம் ஆறு வருடமாக வவுனியாவில் வேறொருத்தியோடு இருக்கிறான். தண்ணீரூற்றில் இருந்த அந்தச் சீதனக் காணியை விற்று உடையார்கட்டுக் குளத்தின் கீழ் வயல் வாங்கி, மகனோடு விதைக்க வேண்டும் என்பதுதான் நாகேஸ்வரியின் ஆசை. வயல்காரன் தை மாதம்வரைதான் காத்திருப்பேன் என்றிருந்தான்.

ஒரேயொரு முடிச்சு இருந்தது. மாமனாரின் அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, வந்த செல்வநாயகம் மூன்று இரவு நாகேஸ்வரியின் வீட்டில் படுத்துவிட்டுப் போனான். அவளுடைய வழக்கறிஞர், புரொக்டர் இளையதம்பி, “அதைப் பற்றி வாயே திறக்காதேங்கோ” என்றார்.

யோகலிங்கம்தான் குறுக்கே விழுந்தான். “மறைக்காதேங்கோ அக்கா. சட்டம் கணக்கு மாதிரி. விதி இருக்கு, நடந்தது இருக்கு. ரெண்டையும் சேர்த்தா விடை ஒண்டுதான். செத்தவீட்டுக்கு வந்து போறது குடும்பம் நடத்திறதாகாது எண்டு தீர்ப்பே இருக்கு.” அவளும் கூண்டில் ஏறி அந்த மூன்று இரவையும் மறைக்காமல் சொன்னாள்.

அவன் சட்டக் கல்லூரிக்கு எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் சாரமும் அதுதான். நீதிபதிகள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பது கேள்வி. விதியைப் பொருத்தி விடை காண்கிறார்கள் என்று பன்னிரண்டு பக்கம் எழுதியிருந்தான். முடிவு முதலில் வரும், விதி பிறகு தேடப்படும் என்று வாதிட்ட அமெரிக்கச் சட்ட அறிஞர்களை ஒரே பந்தியில் தூக்கி எறிந்திருந்தான். போன வாரம் அதை வாசித்த சிற்றம்பலம் ஓரத்தில் “மிகச் சரி” என்று எழுதிக் கொடுத்தார்.

இப்போது அவரே சொல்லச் சொல்ல, அவன் அடித்தான்.

மேசையில் இரண்டு முன்தீர்ப்புகள் இருந்தன. எடுத்து வைத்தவன் அவன்தான். வந்து போவது கைவிட்டதை மாற்றாது என்றது மேலே இருந்தது. மனைவி அவனை வீட்டில் ஏற்றுக்கொண்டால் மாற்றும் என்றது கீழே. சிற்றம்பலம் கீழே இருந்ததை உருவினார்.

“மற்றது, ஐயா?” என்றான் யோகலிங்கம்.

“அதில புருசன் சத்திரத்தில தங்கினவன். இதில மனிசியின்ர கூரைக்குக் கீழ படுத்தவன். அந்த வழக்கு வேறை, இந்த வழக்கு வேறை. அடியும்.”

அடுத்த வரி இன்னும் மோசம். ‘மனுதாரர் பதில் சொல்லத் தயங்கினார், அவர் சாட்சியம் சொன்ன விதம் நம்பிக்கை தரவில்லை.’ யோகலிங்கம் தன் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினான். கேள்வி, பதில், கேள்வி, பதில். தயக்கம் எங்கேயும் இல்லை. ஆனால் தயக்கத்தைக் குறிப்பில் யார் எழுதுவார்? சாட்சியை நேரில் பார்த்தவர் நீதிபதி. அவர் கண்ணால் கண்டதை மேல்நீதிமன்றம் இலேசில் தொடாது. அந்த ஒரு வரியால் மேன்முறையீட்டுக் கதவும் சாத்தப்பட்டது.

தீர்ப்பு வாசித்து முடிந்ததும் விறாந்தையில் நாகேஸ்வரி அவனை மறித்தாள். அழவில்லை.

“தம்பி, நீர்தானே உண்மையைச் சொல்லச் சொன்னனீர்?”

இளையதம்பி கோட்டைக் கழற்றித் தோளில் போட்டார். “என்னை விட்டிட்டுச் சோதினைக்குப் படிக்கிற பொடியனை நம்பினனீங்கள். இனி அவரிட்டையே விடையைக் கேளுங்கோ.”

“முன்னறையை இந்த மாதத்தோட விட்டிடும் தம்பி,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள்.

யோகலிங்கம் கட்டுரையை எடுத்துக்கொண்டு நீதிபதியின் அறைக்குள் போனான். கதவைத் தட்டக்கூட இல்லை. ‘மிகச் சரி’ என்ற பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தான்.

“ஐயா, நீங்கள்தான் இதை எழுதினனீங்கள். நான் அதை நம்பித்தான் அவாவைக் கூண்டில உண்மை சொல்ல வைச்சனான். அந்தத் தயக்கத்தை எங்கை ஐயா கண்டனீங்கள்?”

சிற்றம்பலம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அவ கூண்டில ஏறி, காணியை விக்கப்போறன் எண்டவுடனேயே நான் முடிவெடுத்திட்டன் தம்பி. என்ர தங்கச்சியும் இப்பிடித்தான் சீதனக் காணியை வித்துப்போட்டு, இண்டைக்கு போக்கிடமில்லாமல் என்ர வீட்டுக் குசினியில சமைச்சுக்கொண்டு நிக்கிறா.”