ஐந்நூறு பேருக்கு முந்நூற்றைம்பது சாப்பாடு

இந்த ஆர்டர் கை நழுவினால் வேன் போய்விடும். தவணை கட்டி இரண்டு மாதம் ஆகிறது, பேங்க்காரன் தினமும் போன் போட்டுப் பிராணனை வாங்குகிறான். தனேஸ்வரி புக்கிட் பெலிம்பிங்கில் காளியண்ணன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் சமையல் ஆர்டர் எடுப்பவள். அவருக்கு மகள் கல்யாணம்.

"ஐந்நூறு பேர், தலைக்கு இருபது வெள்ளி. பத்தாயிரமாமா? எங்கிட்ட ஏழுதான் இருக்குலா."

"சும்மா விலையைக் குறைக்க முடியாதுண்ணே. சாப்பாட்டுல குறைக்கிறேன். ஆட்டுக்கறிய எடுத்துட்டா மூணு வெள்ளி குறையும். பரிமாற ஆள் வேணாம், அவங்களே போட்டுக்கட்டும், இன்னும் ரெண்டு குறையும். காய்கறியில ஒண்ணு எடுத்துட்டா பதினாலு. உங்க ஏழாயிரத்துல முடிஞ்சிரும்."

அதற்குக் கீழே ஒரு காசு இறங்கினாலும் கைக்காசுதான் போகும். அது அவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரிந்துவிடுமோ என்று முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

காளியண்ணன் தலையைச் சொறிந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ரவாங்குலேர்ந்து வர்றாங்க. ஆட்டுக்கறி இல்லன்னா என் மானம் போயிரும் தங்கச்சி. ஒண்ணு பண்ணு. எதையும் எடுக்காதே, முந்நூத்தம்பது பேருக்கு ஆக்கு. இருபதே தர்றேன். அதுவும் ஏழாயிரம்தானே!"

கணக்கு சுத்தம். முழு விலை. வேன் தப்பிக்கும். "சரிண்ணே" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கார்டு கொடுத்தாச்சா?"

"போன வாரமே. எஸ்டேட்டு முழுக்க."

அட கடவுளே! ஒரு கார்டு கொடுத்தால் வீடே திரண்டு வரும். அத்தையும் வருவாள், அத்தையோடு அடுத்த வீட்டுக்காரியும் வருவாள். ஐந்நூறுக்குக் குறையவே குறையாது. சட்டி காலியாகும்போது காளியண்ணன் மேடையில் போட்டோவுக்கு நிற்பார். கரண்டியோடு நிற்கப்போவது இவள்தான். அப்புறம் கோலசிலாங்கூரில் எவன் இவளைக் கூப்பிடுவான்?

"எதை வேணும்னாலும் குறைக்கலாம்ணே, ஆளைக் குறைக்க முடியாது. ஐந்நூறு பேருக்கு ஆட்டுக்கறி இல்லாம ஆக்குறேன். இல்லன்னா வேற ஆளப் பாருங்க."

"அசாம் ஜாவாவுல சமையல் ஆர்டர் எடுக்குற ஜீவன் முந்நூத்தம்பதுக்கு ஆக்குறேன்னு ஒத்துக்கிட்டான்" என்றார் அவர். "உனக்குக் கடைசி சான்ஸ்."

பாழாய்ப்போன வேன். வாய்விட்டு அழலாம் போலிருந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவருக்கே கொடுத்துருங்கண்ணே."

காளியண்ணன் இதை எதிர்பார்க்கவில்லை. வாசல்வரை பின்னாலேயே வந்தார். "கோவிச்சுக்காதே தங்கச்சி. கல்யாணத்துக்காவது வந்துரு."

"கண்டிப்பா வர்றேண்ணே," என்றாள் தனேஸ்வரி. "வீட்டுலயே சாப்பிட்டுட்டு வர்றேன்."