பிரவினின் பதினோரு சிப்பாய்களும் ஒரு தளபதியும்

மழை விட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஈரக்காற்றில் வார்னிஷ் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன்.

மறுநாள் பிரவினுக்குப் பதினாறாம் நாள் காரியம். அவன் வண்ணம் தீட்டிய குட்டிச் சிப்பாய் பொம்மைகளைப் படத்தருகே வைக்க வேண்டும் என்றார் அவன் அம்மா, புஷ்பவல்லி ஆன்டி. வருகிறவர்கள் தொட்டால் பெயின்ட் உரியுமே என்று, வார்னிஷ் அடித்துத் தருவதாக நான்தான் வாக்குக் கொடுத்தேன்.

நானும் அவனும் ஒரே ஆடிட் அலுவலகம். பத்து மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு வீட்டிலும் போனைப் பார்ப்பதில் இருவருக்கும் வெறுப்பு. செராஸில் ஒரு கடையில், வண்ணம் பூசாத இரண்டு பொம்மைப் படைகள் உள்ள போர் விளையாட்டுப் பெட்டியை முந்நூற்று எண்பது ரிங்கிட்டுக்கு வாங்கி ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டோம். பெயின்ட் குப்பி ஒன்று பதினாறு, நல்ல தூரிகை முப்பது. ஞாயிறுதோறும் அளவு நாடாவால் தூரம் அளந்து பொம்மைகளை நகர்த்தி, தாயக்கட்டை உருட்டிப் படைகளை மோதவிட்டோம்.

"டிகிரி முடிச்ச பொண்ணு பொம்மை வச்சி விளையாடுது லா" என்று என் சித்தி சிரித்தாள். அவள் நாள் முழுக்க சீரியல் பார்ப்பது மட்டும் பெரிய வேலை!

விரல்நீளம்கூட இல்லாத தளபதியின் கண்களை பிரவின் மூன்று வாரம் வரைந்தான். நான்காம் வாரம் அவன் மோட்டார் சைக்கிள் ஒரு லோரிக்கடியில் போனது.

வார்னிஷை ஒன்றில் அடித்துப் பார்த்துவிட்டு மற்றதை அடிப்பதுதான் முறை. அவசரத்தில் பன்னிரண்டையும் ஒன்றாக நிறுத்தி அடித்தேன். காய்ந்ததும் எல்லாமே சாம்பல் பூசினாற்போல் வெளுத்துவிட்டன.

கடைக்கார நிர்மலன் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"மழைக்கு அப்புறமா அடிச்ச? அறிவிருக்கா உனக்கு?"

"இல்ல. இப்ப என்ன பண்றது, அத சொல்லுங்க."

"பளபள வார்னிஷ தூரிகையால தடவிப் பாரு. வந்தா வரும்."

பதினொன்றுக்கு நிறம் திரும்பியது. முன்னால் நின்று ஸ்ப்ரேயை நெருக்கத்தில் வாங்கிய தளபதிக்குத் திரும்பவில்லை. கண் இருந்த இடத்தில் பனிமூட்டம். நானே மேலே கண் வரைந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. தூரிகையைத் தோய்த்தேன். பிறகு கழுவி வைத்துவிட்டேன்.

காலையில் கிள்ளானில் ஆன்டி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"அவன் வரஞ்சது உள்ளதான இருக்கு?" என்றார் ஆன்டி.

"உள்ள இருக்கு ஆன்டி. வெளிய தெரியாது."

தளபதியை ஜன்னலருகே கொண்டுபோய், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோல் முந்தானையால் துடைத்தார்.

"துடைச்சா போகாது ஆன்டி."

"தெரியும்மா" என்றார். ஐயர் வந்து கூப்பிடும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார்.