ஆடிக்குள் கட்டிய முன்பணம்

ஆடி மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. மலாக்காவில், காஜா பேராங் சங்க மண்டபத்து வாசலில் ஏணி போட்டு வண்ணக் காகிதக் கொடிகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு இன்னும் இரண்டு வாரம். வெளியே அத்தனை நிறம் இருந்தும் உள்ளே கூடம் இருண்டு கிடந்தது. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். ருக்மணி செருப்பைக் கழற்றிவிட்டு அலுவலறைக் கதவருகே நின்றாள்.

“ஐயா, உள்ள வரலாங்களா?”

“வாங்கம்மா, வாங்க. இப்பதான் நினைச்சேன்,” என்றார் செயலாளர் மாணிக்கவாசகம். “உங்க மக மல்லிகா கல்யாணம். எட்டாந் தேதி, ஞாயித்துக்கிழமை.”

அவர் பின்னால் சுவரில் பெரிய நாட்காட்டி தொங்கியது. செப்டம்பர் எட்டுக்கான கட்டத்தில் ருக்மணியின் பெயர் பென்சிலில் இருந்தது. மற்ற கட்டங்களில் நீல மை. போன மாதம் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான், மண்டபம் கிடைத்துவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

“ஒரு உதவி கேக்க வந்தேங்க. பணத்த நாளைக்குக் கட்டினா ஆகாதுங்களா? நாளைக்கு ஆவணி பொறந்துடும்.”

மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அம்மா, அன்னைக்கே சொன்னேன். பென்சில்ல பேரு இருந்தா இடம் பிடிச்சு வெச்சிருக்கோம்னு அர்த்தம், அவ்வளவுதான். அது இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும். அதுக்குள்ள முன்பணம் வரலன்னா பேர அழிச்சிட்டு அடுத்தவங்களுக்குக் கொடுத்திடணும். கமிட்டி போட்ட விதி, என் விதி இல்ல.”

“அடுத்தவங்களா? யாராச்சும் நிக்கிறாங்களா?”

“நிக்கிறாங்க.”

“யாருங்க அது?”

“ஒருத்தர் பேர இன்னொருத்தர்கிட்ட சொல்றது இங்க வழக்கமில்லம்மா.”

ருக்மணியின் கை இடுப்பு முடிச்சைத் தொட்டது. கணவர் மருதமுத்துவுக்குத் தம்பின் ஊரில் ரயில்வே வேலை, ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். போன வாரம் கொடுத்துவிட்டுப் போன பணத்தை வீட்டில் வைக்கப் பயந்து கூடவே கொண்டு அலைந்தாள். பணம் இருந்தது. கொடுக்கத்தான் மனம் கூசியது.

“பணம் இல்லாம இல்லீங்க. ஆடியில நல்ல காரியத்துக்குக் காசு எடுக்கக் கூடாதுன்னு மாப்பிள்ளையோட தாய்மாமன் சொல்லி அனுப்பினாரு. அவசரமே இல்ல, ஆவணி பொறந்து கட்டிக்கலாம், செயலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்னாரு.”

“யாரு, அப்பாசாமியா?”

“ஆமாங்க.”

“அப்பாசாமியா அப்படிச் சொன்னாரு?”

கண்ணாடி துடைத்த கை நின்றுபோனது. வெளியே ஏணிமேல் நின்றவன் கயிறு போதவில்லை என்று கத்தினான்.

“என்கிட்ட அவர் அப்படி ஒண்ணும் பேசலம்மா,” என்றார் கடைசியில். “நான் ஒண்ணு சொல்றேன். கட்டுறதும் கட்டாததும் உங்க விருப்பம். ஆனா நாலரை தாண்டிடுச்சு.”

ருக்மணி மனத்துக்குள் வாரங்களை எண்ணிப் பார்த்தாள். தாம்பூலம் மாற்றிய பிறகு மாப்பிள்ளை வீட்டார் வாரம் ஒருமுறை வந்து போனார்கள். இந்த மாதம் ஒருவரையும் காணோம். ஆடி என்பதால்தான் வரவில்லை என்று அவளே மல்லிகாவுக்குச் சமாதானம் சொல்லியிருந்தாள்.

“எவ்வளவு கட்டணும், எப்படின்னு ஒருக்கா சொல்லுங்க ஐயா.”

“வாடகை நூறு வெள்ளி. இப்ப பாதி, அம்பது. மீதி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தி. ரத்து பண்றதா இருந்தா இந்த மாசம் இருபத்தஞ்சுக்குள்ள சொல்லணும், முன்பணத்துல பாதி திரும்ப வரும். அதுக்கப்புறம் ஒரு காசும் வராது. ரத்தானா அந்த நாள் வரிசையில நிக்கிறவங்களுக்குப் போகும். நீங்களா இன்னொருத்தருக்கு மாத்திக் கொடுக்க முடியாது. ரசீது எழுதிட்டேன்னா நாள் உங்களுது, நீங்களா வந்து சொல்ற வரைக்கும் யாரும் தொட முடியாது.”

“மாரியாத்தா, மன்னிச்சுக்கோ,” என்று முணுமுணுத்துவிட்டு ருக்மணி முடிச்சை அவிழ்த்தாள்.

அவர் எண்ணி வாங்கிக்கொண்டு, ரசீது எழுதி, கையெழுத்து வாங்கினார். பிறகு எழுந்து போய்ப் பென்சில் எழுத்தின்மேல் மையால் எழுதினார். மை காய்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

“மாணிக்கம் அண்ணே! அஞ்சு ஆகப்போவுது, அழிச்சிட்டீங்களா இல்லியா?”

சிரித்துக்கொண்டே உள்ளே வந்த அப்பாசாமி, ருக்மணியைக் கண்டதும் நின்றார். அவருக்குப் பின்னால் தங்கக் கைக்கடிகாரம் கட்டிய ஒருவர். புக்கிட் ரம்பாயில் லோரிகள் வைத்திருக்கும் தேவதாஸ் என்று ருக்மணிக்குத் தெரியும். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருப்பதும் தெரியும்.

“என்ன தங்கச்சி, இந்தப் பக்கம்?”

“எனக்காக ஐயாகிட்ட பேச வந்தீங்களா அண்ணே?”

அப்பாசாமியின் கண் நாட்காட்டிக்குப் போனது.

“கட்டிட்டாங்க,” என்றார் மாணிக்கவாசகம். “எட்டாந் தேதி போயிடுச்சு.”

“ஆடியிலயா கட்டின?” அப்பாசாமியின் குரல் உயர்ந்தது. “அவ்வளவு சொல்லியும்?”

“வரிசையில நின்னது நீங்கதானா அண்ணே?”

தேவதாஸ் கடிகாரத்தைப் பார்த்தார். “மச்சான், எல்லாம் பேசி முடிச்சாச்சுன்னீங்களே. இந்தம்மாவுக்குச் சொல்லலியா?”

“சொல்லத்தான் இருந்தேன்.” அப்பாசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இப்போது இறங்கி, இதமாகக்கூட இருந்தது. “தங்கச்சி, கோவப்படாம கேளு. பையனுக்கு லீவு கிடைச்சாச்சு. நம்ம சனத்துக்கெல்லாம் நாளும் சொல்லியாச்சு, இடமும் சொல்லியாச்சு. ஜொகூர்லேர்ந்து வேற பஸ்ஸு பிடிச்சு வராங்க. அத மாத்த முடியாது.”

“பொண்ண மட்டும் மாத்திக்கலாமா?”

மாணிக்கவாசகம் பேனா மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டிருந்தார்.

“நீ கட்டாம விட்டிருந்தா, மண்டபம் கிடைக்கல, அதனால தள்ளிப்போச்சுன்னு கௌரவமா முடிஞ்சிருக்கும்,” என்றார் அப்பாசாமி. “உன் மக பேரும் கெட்டிருக்காது. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல. ரத்து பண்ணிடு. மாணிக்கம் அண்ணன் கொடுக்கிற பாதி போக மீதிப் பாதிய நான் தரேன். மேலயே தரேன்.”

“சேதுராமனுக்குத் தெரியுமா?”

“என்னது?”

“மாப்பிள்ளைக்கு இது தெரியுமான்னு கேக்கிறேன்.”

அப்பாசாமி மோவாயால் வாசலைக் காட்டினார். “கார்லதான் உக்காந்திருக்கான்.”

ருக்மணி ஜன்னலுக்குப் போனாள். காரின் பின்சீட்டில் சேதுராமன் இருந்தான். வேலைக்குப் போகும் வெள்ளைச் சட்டை. ஜன்னல் பக்கம் திரும்பினான், அவளைப் பார்த்தான், மெதுவாகக் காரின் கண்ணாடியை ஏற்றினான்.

“அம்மா,” என்றார் மாணிக்கவாசகம் மெல்ல, “ரத்து பண்ற உரிமை உங்க ஒருத்தருக்குத்தான். இருபத்தஞ்சு வரைக்கும் யோசிங்க.”

“யோசிக்க ஒண்ணுமில்லீங்க.” ரசீதை எட்டாக மடித்து ரவிக்கைக்குள் செருகினாள். “அந்த நாள் என் பேர்லயே இருக்கட்டும்.”

“கல்யாணமே இல்லாம மண்டபத்த வெச்சு என்ன பண்ணப்போற?” அப்பாசாமி எழுந்துவிட்டார். “தங்கச்சி, மண்டபம் உன்னுதுதான். ஆனா பகைய வாங்கிட்டுப் போற. நல்லா நினைச்சுக்கோ. மல்லிகாவுக்கு இனிமே எவன் வந்து நிப்பான்னு நினைக்கிற?”

தேவதாஸ் அவர் தோளைத் தொட்டார். “விடுங்க மச்சான். மலாக்காவுல மண்டபமா இல்ல?”

ருக்மணி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். காரைத் தாண்டும்போது திரும்பவில்லை. பின்னால் இஞ்சின் உறுமியது, ஆனால் கார் அவளை முந்திப் போகவில்லை. தெருமுனை வரைக்கும் அவள் நடைக்கு மெதுவாகவே வந்து, அவள் சந்துக்குள் திரும்பிய பிறகும் முனையிலேயே நின்றது.

வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு மல்லிகா ஓடிவந்தாள்.

“எங்கம்மா போன? எதிர் வீட்டு தெய்வானை அக்கா சொன்னாங்க, மண்டபத்துப் பக்கம் போனியாமே. பணம் கட்டிட்டியா?”

“கட்டிட்டேன்.”

“ஆடியிலயேவா! அப்பாசாமி மாமா கோச்சுக்கப் போறாரு பாரு.” சொல்லும்போதே மல்லிகாவின் முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப கெட்டியாயிடுச்சு, இல்லம்மா? இனி மாறாது?”

“உள்ள வா. கதவச் சாத்து.”

“சொல்லும்மா.”

“மண்டபம் கெட்டியாயிடுச்சு,” என்றாள் ருக்மணி. தாழ்ப்பாளையும் அவளே போட்டாள்.