மூன்று கையெழுத்துகள்

ஜம்புநாதன் மகளின் மதமாற்றச் சான்றிதழை மேசைமேல் விரித்து, முனைகள் சுருளாதபடி இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த ரபி, யூத மதகுரு, கீழே இருந்த மூன்று கையெழுத்துகளை மட்டும் படித்தார். மூன்றாவது பெயர் ஒரு பெண்ணுடையது. கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மன்னிக்கணும், சார்" என்றார் ஆங்கிலத்தில்.

அமெரிக்காவின் எடிசன் நகரத்து ஈமச்சடங்கு நிலையத்தின் உள்ளறையில் மகள் ரோஷினி கிடந்தாள். நாற்பத்திரண்டு வயது. நேற்று மாலை புற்றுநோயில் போய்விட்டாள். தாமதிக்காமல் இன்றே அடக்கம் என்று கணவன் டேனியல் முடிவு செய்திருந்தான். இறந்துபோன அவன் அப்பா, கட்டுப்பாடான சபையின் இடுகாட்டில் குடும்பத்துக்கென்று நான்கு இடம் வாங்கி வைத்திருந்தார். ரோஷினியை அங்கே வைத்தால் பிறகு தானும் பக்கத்தில் வரலாம் என்பது டேனியலின் எண்ணம். அந்தச் சபையின் ரபியை அழைத்து வந்தது அவன் தம்பி ஜோனதன். கல்லூரியில் படிக்கும்போது தீவிர ஆசாரத்துக்குப் போனவன்.

ரபி குரலை உயர்த்தாமல் விளக்கினார். மதம் மாற வருபவரை விசாரிக்கும் மூவரும் கட்டளைகள் அனைத்தையும் கைக்கொள்ளும் ஆண்களாக இருக்க வேண்டும். வருபவரும் அத்தனையையும் ஏற்க வேண்டும். சனிக்கிழமை கார் ஓட்டக்கூடாது. பாலுக்கும் இறைச்சிக்கும் பாத்திரம் வேறு. கையெழுத்துப் போட்டிருக்கும் இவர்கள் தாராளவாதச் சபைக்காரர்கள், எதைக் கைக்கொள்வது என்பதை அவரவர் மனசாட்சிக்கு விடுகிறவர்கள். அதனால் அவள் சடங்குக் குளத்தில் முழுகியிருந்தாலும் எங்கள் சட்டப்படி அது செல்லாது. முறைப்படி வந்திருந்தால் எங்களில் ஒருத்தியாகவே இருந்திருப்பாள்.

"வெள்ளிக்கிழமை தவறாம மெழுகுவத்தி ஏத்துவா. கீமோ நடக்கறப்பக்கூட யோம் கிப்பூருக்கு விரதம் இருந்தா" என்றார் ஜம்புநாதன் தன் உடைந்த ஆங்கிலத்தில்.

"உயிருக்கு ஆபத்து இருக்கும்போது சாப்பிட்டாகணும். அதுதான் சட்டம்" என்றார் ரபி, வருத்தத்தோடுதான்.

உடலைக் கழுவி வெள்ளைத் துணி உடுத்த வந்திருந்த இரண்டு பெண்கள் நடைவழியில் நின்றிருந்தார்கள். ரபி வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னார். அவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள்.

ரோஷினியின் பதினான்கு வயது மகள் நவோமி எழுந்தாள். போன வருடம் மேடையேறி வேதம் வாசித்தவள். "அப்ப நான்?" என்று சித்தப்பாவிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

தாய் வழியாகத்தான் பிள்ளை யூதர் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஜோனதன் தரையைப் பார்த்தான்.

ஜம்புநாதன் நடைவழிக்கு வந்தார். நாற்காலியில் இருந்த மனைவி சாந்தாமணி தலை நிமிரவில்லை.

"நம்ம புள்ள யூதச்சியில்லைங்கறான். பதினாறு வருசம் இருந்திருக்கா. அவன் யாரு சொல்றதுக்கு?"

"நீங்க சொன்னதுதானுங்க."

"என்ன?"

"தண்ணியில முழுகி எந்திரிச்சா பொறப்பு மாறிப்போயிருமான்னு போன்ல கேட்டீங்களே. அதுக்கப்பறம் அவகோட பேசுனீங்களா? நவோமி வேதம் வாசிக்கறதுக்குக் கூப்பிட்டா, போனீங்களா? இப்ப மட்டும் காயிதத்தைத் தூக்கிட்டு வந்து எதுக்குங்க?"

அவர் சான்றிதழை நான்காக மடிக்கப் போய், மடிக்காமல் நின்றார்.

சற்று நேரத்தில் டேனியலின் தாராளவாதச் சபையிலிருந்து ரபி மிரியம் இரண்டு பெண்களுடன் வந்தாள். சான்றிதழில் மூன்றாவது கையெழுத்து அவளுடையதுதான். உள்ளே போகும்போது சாந்தாமணியின் கையைப் பிடித்தாள். கலந்து மணந்த குடும்பங்களையும் ஏற்கிற இடுகாடு ஒன்று ஒரு மணி நேரத் தொலைவில் இருந்தது. டேனியல் அப்பாவின் இடங்களைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை. ஜோனதன் தோளைத் தொட வந்தபோது மட்டும் விலகிக்கொண்டான்.

ஆணியில்லாத பைன் பெட்டி குழிக்குள் இறங்கியது. இறந்தவருக்கான கதீஷ் பிரார்த்தனை சொல்ல வயது வந்த யூதர் பத்து பேர் வேண்டும். மிரியம் எண்ணினாள். சபையிலிருந்து வந்த நான்கு பெண்கள், இரண்டு ஆண்கள். அவள், டேனியல், நவோமி, ஜோனதன். பத்து. ஆண்களை மட்டுமே எண்ணும் ஜோனதனின் கணக்கில் நால்வரே. அவன் போய்விடவில்லை. ஆனால் மற்றவர்கள் ஆமென் சொன்ன ஒவ்வொரு முறையும் வாயை இறுக்கி மூடியிருந்தான். ஜம்புநாதனை இரண்டு பேருமே எண்ணவில்லை.

டேனியல் துடுப்பு போன்ற மண்வெட்டியை வழக்கப்படி பின்புறமாகத் திருப்பிப் பிடித்து முதல் மண்ணைப் போட்டான். பெட்டியின்மேல் கல் விழுந்த சத்தம் கேட்டது. அடுத்து ஜம்புநாதன். மூன்று முறை தள்ளிவிட்டு, மூச்சு வாங்க, மண்வெட்டியை நவோமியிடம் நீட்டினார்.

அவள் கையை நீட்டவில்லை.

"நோ, தாத்தா. கையில... குடுக்கக் கூடாது" என்றாள், தெரிந்த தமிழில் தடுமாறி. "ஒருத்தர் துக்கத்தை இன்னொருத்தருக்குக் குடுக்கற மாதிரி. மண்ணுல வைங்க. நான் எடுத்துக்கறேன்."

அவர் மண்வெட்டியைக் குவியலில் ஊன்றினார். ஈர மண்ணில் அது சாய்ந்து விழுந்தது. குனிந்து எடுத்து, இரண்டு கையாலும் அழுத்தி, இன்னும் ஆழமாக ஊன்றினார்.