பத்தாவது எழுத்து

"இந்த வானை ஆர் செய்தது எண்டு தெரியுமோ பிள்ளை?"

அந்தோனியம்மா மாக்கிறேற்றிடம் இப்படி முதன்முதலாகக் கேட்டபோது, பதிலையும் அவளே சொல்லிவிட்டாள். "என்ரை மகன்."

கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஜேர்மனியிலிருந்து யாரோ தருமத்துக்கு அனுப்பிய பழைய வோக்ஸ்வாகன் வான் அது. நாரந்தனைக் கிராமத்தில் வருத்தக்காரரை ஆசுப்பத்திரிக்கு ஏற்றவும், மீன் பெட்டிகளைக் கொண்டுபோகவும் வேறு வண்டியில்லை. அதன் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஜேர்மனியில் இருந்த அருளப்பு எழுதியிருந்தான்: "அம்மா, இது வொல்ஸ்பேர்க்கில் எங்கள் தொழிற்சாலையில் செய்தது. கதவெல்லாம் நான்தான் பூட்டினேன்." அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டியவள் மாக்கிறேற்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும், வாசிக்கத் தெரியாத அந்தோனியம்மாவுக்கு எழுத்துக் கண் அவள்தான்.

அதற்குப் பிறகு ஒரு வருசத்துக்கு மேலாகக் கடிதமில்லை. அந்தோனியம்மா கடிதத்தைப் பற்றிக் கேட்பதையும் விட்டுவிட்டாள். ஆனால் சனிக்கிழமை தவறாமல் ஈரத் துணியோடு வந்து வானின் கதவுகளைத் துடைப்பாள்.

வான் இப்போது மாக்கிறேற்றின் தகப்பன் பஸ்ரியாம்பிள்ளையின் வண்டி திருத்தும் கராச்சில் கிடந்தது. எஞ்சினின் தண்ணிப் பம்பு உடைந்துபோய்விட்டது. பதிவுப் புத்தகத்தில் எண்பத்தாறு என்றிருந்ததைப் பார்த்து, கொழும்பிலிருந்து எடுப்பித்த பம்பு பொருந்தவில்லை. வந்த வழியே திரும்பிப் போனது. வந்துசேரவே ஒரு மாதம் எடுத்திருந்தது.

"எண்பத்தாறு வண்டி பதிஞ்ச வருசம்," என்றார் பஸ்ரியாம்பிள்ளை, களைத்துப்போய் முதுகை நிமிர்த்தி. "செய்த வருசம் வண்டியிலை அடிச்சிருக்கிற செசி நம்பரிலைதான் இருக்கும். முதலே பாக்காமல் விட்டது என்ரை மொக்குத்தனம். பிள்ளை, ரோச்சை அடிச்சு வாசி. எனக்குக் கண் பிடிக்காது."

அந்த வானுக்கு எஞ்சின் பின்பக்கம்; அதன் மூடி திறந்திருந்தது. மாக்கிறேற் எஞ்சின் பக்கம் குனிந்து, தகட்டில் அடித்திருந்த எழுத்துகளின் மேல் படிந்த எண்ணெய்ச் சேற்றை விரலால் துடைத்தாள். மறுபக்கத்தில் அந்தோனியம்மா முன்கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டபிள்யூ, வி, ரெண்டு."

"டபிள்யூ எண்டால் ஜேர்மனி. மூண்டும் சேர்ந்தால் கொம்பனி. பிறகு?"

"மூண்டு இசட்."

"அது சும்மா இடம் நிரப்ப. அதுக்குப் பிறகு ரெண்டும் அஞ்சும் வரவேணும்."

"ஓம். பிறகும் ஒரு இசட்."

"ரெண்டும் அஞ்சும் வானின்ரை இனம். இனித்தான் கவனமாப் பார். பத்தாவது எழுத்துத்தான் வருசம். எண்பதுக்கு ஏ, எண்பத்தொண்டுக்கு பி, அப்பிடியே எண்ணிக்கொண்டு போ."

அந்தோனியம்மாவின் கை நின்றது. "வருசமும் இருக்குதோ அண்ணை? எந்த ஊரிலை செய்தது எண்டும் இருக்குமோ?"

"இருக்கும் அக்கா. அது பதினோராவது."

"அப்ப என்ரை பொடியன் வேலைசெய்யிற ஊரும் வரும்," என்றாள் அவள். முகம் தெளிந்திருந்தது. "சங்கத்தாக்கள் நான் புளுகிறன் எண்டு பகிடி பண்ணுகினம். கேக்கட்டும் இனி!"

மாக்கிறேற் எழுத்தைப் பார்த்தாள். ஏ, பி, சி, டி, ஈ. எண்பத்துநாலு. அருளப்பு ஜேர்மனிக்குப் பிளேன் ஏறியது எண்பத்தைந்து ஈஸ்டருக்குப் பிறகு. வழியனுப்பப் போனவர்களில் அவளும் ஒருத்தி. எஃப் என்று சொல்லிவிட்டால் எண்பத்தைந்தாகிவிடும். சொல்லிவிடலாம், அப்பாவுக்குத்தான் கண் பிடிக்காதே. ஆனால் மறுபடியும் பொருந்தாத பம்புதான் வரும். வான் ஓடாததால் போன கிழமை மாட்டுவண்டியில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோன அயல்வீட்டு இராசேஸ்வரி, வழியிலேயே பிள்ளையைப் பெற்றிருந்தாள்.

"என்ன பிள்ளை, தூங்கிறியோ?"

"ஈ," என்றாள் மாக்கிறேற்.

"அப்ப எண்பத்துநாலு. எண்பத்துமூண்டு கடைசியிலயும் செய்திருப்பாங்கள், அவங்கள் அடுத்த வருசக் கணக்கை முதலே தொடங்கிவிடுவாங்கள். அடுத்தது?"

"எச்."

"ஹனோவரிலை செய்தது. வொல்ஸ்பேர்க் எண்டால் டபிள்யூ விழும்." பென்சிலை நாக்கில் தொட்டவர், சொன்னது காதில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தார். மகளைப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்து, "மிச்சம் ஆறும் வரிசை நம்பர். வாசி," என்றார்.

அவள் வாசித்தாள். ஒன்று, பூச்சியம், நாலு, மூன்று, எட்டு, ஏழு.

"எண்பத்துமூண்டிலையும் நாலிலையும்," என்றாள் அந்தோனியம்மா மெல்ல, "அவன் இஞ்சை என்னோடை கரைவலை இழுத்தவன்."

"அக்கா, தூரத்திலை தனிய இருக்கிற பொடியன்," என்று தொடங்கினார் பஸ்ரியாம்பிள்ளை. "அங்கை என்ன வேலையோ. உங்களைச் சந்தோசப்படுத்த..."

மாக்கிறேற் ரோச்சை அணைத்தாள்.

அந்தோனியம்மா துணியைப் பிழிந்தாள். ஒரு கதவு துடைத்து மினுங்கியது. மற்றதில் ஒரு கிழமைப் புழுதி அப்படியே இருந்தது. அவள் அதைத் தொடாமல், துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, படலையைத் திறந்து போனாள்.