அலசாத நெல்

முட்டை மிதந்தது. ஏழாம் வகுப்பு ஜாஸ்லின் வாளியில் கொட்டிய உப்பைக் கேள்விப்பட்டு வேதாரண்யத்து உப்பளம் ஒரு நாள் லீவு போட்டதாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் முட்டை மிதக்குமளவு உப்பு கரைத்தால்தான் விதைநெல்லைப் பிரிக்க முடியும். பதர் மேலே வரும், முற்றிய மணி அடியில் தங்கும்.

அடியில் தங்கியதை உப்புத் தண்ணீரோடு தூக்குச் சட்டியில் ஊற்றி, உயிர்த்தோழி செம்மொழி தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். நல்ல தண்ணீரில் அலசி, ஊறவைத்து, ஈரத்துணியில் முளைகட்டுவது அவள் பங்கு.

மன்னார்குடி அறிவியல் கண்காட்சிக்கான சோதனை அது. வகுப்பில் துணியை அவிழ்த்தார்கள். ஒரு மணிகூட முளைக்கவில்லை. பக்கத்து மேசைப் பச்சைப்பயறோ வாலை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தது.

"என்னம்மா, நெல்லு இன்னும் தூங்குதா?" என்றார் மங்களாம்பிகை டீச்சர்.

செம்மொழி முந்திக்கொண்டாள். "நான் நல்லா அலசித்தான் கட்டினேன் டீச்சர். உப்பே வேணாம்னு இவகிட்ட அப்பவே சொன்னேன்."

அவள் சொல்லவே இல்லை. உப்புப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துப் பிரித்ததே அவள்தான். ஜாஸ்லின் துணியைச் சுருட்டி மேசை ஓரம் தள்ளினாள்.

"எனக்கு சயின்ஸ் வராது டீச்சர். மன்னார்குடி கண்காட்சிக்கு வேற யாரையாவது அனுப்புங்க."

"ஏன் முளைக்கலைன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வேலை இன்னும் முடியலை. அடுத்த வாரம் பேர் கொடுக்கணும். காரணத்தோட வா."

ஜாஸ்லின் முதலில் நெல்லைத் திட்டினாள். பிறகு உப்பை. பிறகு தன் தலையை. திட்டியதில் ஒன்றும் முளைக்காததால் மூன்று கிண்ணம் எடுத்தாள். மூன்றிலும் அதே நெல். முதலாவது உப்பே படாதது. இரண்டாவதை உப்புத் தண்ணீரில் பதர் நீக்கி, அலசி, நல்ல தண்ணீரில் ஊறவைத்தாள். மூன்றாவதை அலசாமல் உப்புத் தண்ணீரிலேயே விட்டாள். பிறகு மூன்றையும் தனித்தனியே ஈரத்துணியில் கட்டினாள்.

சில நாளில் முதல் துணியில் பதர் நீங்கலாக மற்றவை முளைவிட்டன. இரண்டாவதில் ஏறக்குறைய எல்லாமே. மூன்றாவது, வகுப்பில் பார்த்த அதே ஊமை நெல். உப்பு, நெல்மணியைத் தண்ணீர் குடிக்கவிடவில்லை.

அப்படியென்றால் செம்மொழி அலசவே இல்லை. காரணம் கிடைத்த சந்தோஷத்தைவிட வலிதான் பெரிதாக இருந்தது.

"ஏன்டி பொய் சொன்னே?"

செம்மொழி தரையைப் பார்த்தாள். "மறந்து உப்புத் தண்ணியிலயே விட்டுட்டேன்டி. எல்லாரும் மக்குன்னு சொல்வாங்கன்னு பயம்."

"அதுக்கு என்னை மக்காக்கிட்டியா?"

செம்மொழி பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

காரணத்தைக் கேட்ட டீச்சர் அவள் பேரையே கொடுத்தார். மன்னார்குடியில் மூன்று நெல்லையும் மூன்று தட்டில் வைத்தாள் ஜாஸ்லின். முளைக்காத தட்டு நடுவில். அதைப் பார்க்கத்தான் கூட்டம். கூட்டத்தில் அந்த ஊர்ப் பெரிய கோயில் தெப்பக்குளத்து மீனும் இரண்டு வந்ததாகக் கேள்வி.

"இது ஏம்மா முளைக்கலை?" என்றார் ஒருவர்.

ஜாஸ்லின் வாயைத் திறக்குமுன், பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் அலச மறந்த நெல்லும் இப்படித்தாங்க இருந்துச்சு," என்றாள் செம்மொழி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அலசாம விட்டா என்ன ஆகும்னு இவ கண்டுபிடிச்சா."

ஜாஸ்லின் திரும்பிப் பார்க்கவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்த ஸ்டூலில் பாதியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.