தேன் பாத்தி, கறுவாப் பாத்தி, கத்தாழைப் பாத்தி, சும்மா பாத்தி

ஜீவராஜ் கங்காணி ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த சாட்சி அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒருவரும் கிடையாது. பிறக்கும்போதே ஒரு மாதம் முந்திப் பிறந்தவர். பஸ்ஸுக்கு நின்றால், பஸ் வரும் திசையிலேயே இரண்டு கட்டைத் தூரம் நடந்துபோய் அதை மறித்து ஏறி, முன்பு நின்ற இடத்தைத் தாண்டும்போது அங்கே நிற்பவர்களுக்குக் கை காட்டுவார். அவர் மனைவி யூஜினா அடுப்பில் சோறு வைத்தால், இவர் பன்னிரண்டு தடவை மூடியைத் திறந்து பார்ப்பார். அந்த வீட்டில் சோறு வெந்ததே இல்லை, வெட்கப்பட்டுத்தான் குழைந்தது என்று லயத்து வீடுகளில் சொல்வார்கள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் தேயிலைத் தோட்டத்துத் தவறணைக்குப் பொறுப்பாக வைத்திருந்தார்கள். தவறணை என்றால் தேயிலைக் கன்று வளர்க்கும் இடம். உலகத்திலேயே மெதுவாக நடக்கிற வேலை அது. தாய்ச்செடியின் கொப்பை விடியற்காலையில் வெட்டி, ஒரு இலையும் சுண்டுவிரல் நீளத் தண்டுமாக நறுக்கி, மண் நிரப்பிய பொலித்தீன் பையில் ஒவ்வொன்றாகச் செருகி, தண்ணீர் விட்டு, மேலே பொலித்தீன் கூடாரத்தை இழுத்து மூடிவிட வேண்டும். அப்புறம் வேலை என்னவென்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பது. வெட்டிய முனையில் முதலில் வெள்ளையாக ஒரு தடிப்பு வரும். அதற்குப் பிறகுதான் வேர். இந்தக் குளிரில் மூன்று மாதமும் ஆகும், நாலு மாதமும் ஆகும்.

போன வருடம் நட்ட துண்டுகள் பாதிக்குப் பாதி செத்துப்போயின. புதிதாக வந்த பீல்ட் ஒபிசர் கணேசமூர்த்தி ஏப்ரல் கடைசியில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வைத்தே சொல்லிவிட்டார். இந்தத் தடவை நடுகிற நாலு பாத்தியிலும் சேர்த்து, சராசரியாக இருபதுக்குப் பதினாலிலாவது வேர் பிடிக்கவில்லையென்றால் தவறணையை மூடிவிட்டு வெளியிலிருந்து லொறியில் கன்று இறக்குவார்களாம். தவறணையில் வேலை செய்யும் ஒன்பது பெண்களும் பன்னிரண்டாம் நம்பர் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டுமாம். பன்னிரண்டாம் நம்பர் எப்படிப்பட்ட மலையென்றால், அங்கே கொழுந்து பறிக்கிறவர் தும்மினால் கீழே பாலத்தில் போய்த்தான் மூக்கைத் துடைப்பார். அந்த ஒன்பது பேரில் ஐம்பது வயதுக்கு மேல் நாலு பேர், முழங்கால் வீங்கினவர்கள்.

அன்றிலிருந்து ஜீவராஜுக்குத் தூக்கம் போயிற்று. கைபேசியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஏதோ ஒரு நாட்டில் ஒருவர் ரோஜாக் குச்சியைத் தேனில் தோய்த்து நடுகிறார், அடுத்த நிமிடமே வேரைத் தூக்கிக் காட்டுகிறார். இன்னொருவர் கத்தாழைச் சோற்றில் குத்தி வைக்கிறார். மூன்றாமவர் கறுவாப்பட்டைத் தூளில் புரட்டுகிறார். நிமிடத்தில் வேர்! ஜீவராஜ் இத்தனை வருடமாகத் தேடிக்கொண்டிருந்த வேகம் அதுதான்.

மலை யாத்திரை சீசன் சமயத்தில் நல்லதண்ணிக் கடையில் வாங்கிய தேன்போத்தல் வீட்டில் இருந்தது. அது மலைத்தேன் என்று கடைக்காரர் சத்தியம் பண்ணியிருந்தார். எந்த மலை என்று மட்டும் சொல்லவில்லை. யூஜினாவின் கத்தாழைச் சட்டி வாசலில் இருந்தது, காலையில் இல்லாமல் போனது. கறுவாத்தூளை நோர்வூட்டில் வாங்கிவந்தார்.

தவறணையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்த சுகிர்தம் அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வார்த்தையைக் கூப்பன் கடையில் அளந்து வாங்குகிறவர் மாதிரி செலவழிப்பார்.

“கங்காணி, மூணு பாத்திய நீங்க என்னவும் பண்ணுங்க. நாலாவது பாத்தி எனக்கு.”

“அதுல என்னக்கா போடப் போறீங்க?”

“தண்ணி.”

அப்படியே ஆயிற்று. முதல் பாத்தித் துண்டுகள் தேனில் முங்கின, இரண்டாவது கறுவாத்தூளில் புரண்டன, மூன்றாவது கத்தாழைச் சோற்றில் குளித்தன. நாலாவது பாத்திக்குப் பெண்கள் ‘சும்மா பாத்தி’ என்று பெயர் வைத்தார்கள். சுகிர்தம் தன் கூடாரத்தின் ஓரத்தைச் சுற்றிலும் கல் வைத்து அமுக்கி, கயிறு போட்டுக் கட்டினார். யாராவது திறந்தால் யூஜினாவிடம் கத்தாழைச் சட்டி போன கதையைச் சொல்லிவிடுவதாக, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, பொதுவாகச் சொன்னார். ஜீவராஜ் அந்தப் பக்கம் நிழல்கூட விழாமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

நாலாவது நாள் தேன் பாத்திக்கு எறும்பு வந்தது. முதலில் தவறணை எறும்பு, பிறகு லயத்து எறும்பு. அதிலிருந்து மூன்றாம் நாள் வந்தவை உடம்பில் செம்மண் ஒட்டியிருந்ததால் நிச்சயமாக ஹட்டன் பக்கத்து எறும்புகள்தான், பஸ்ஸில் வந்திருக்க வேண்டும். ஜீவராஜ் சாம்பல் தூவினார், தண்ணீர் ஊற்றினார், எறும்போடு பேச்சுவார்த்தையும் நடத்திப் பார்த்தார். தேன் தீர்ந்த பிறகுதான் போயின.

வேர் வந்ததா என்பது மட்டும் தெரியவில்லை. ஆறாவது கிழமை, நட்டு ஒன்றரை மாதம் ஆனபோது, அவருக்கு விரல் நமநமவென்று ஊர ஆரம்பித்தது. பாத்திகள் ஒரு பக்கம் நடைபாதையை ஒட்டியும், மறுபக்கம் மண்திட்டை ஒட்டியும் இருந்தன. பெண்கள் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், பாதைப் பக்கத்துப் பொலித்தீனை விலக்கிக் கையை உள்ளே விட்டு, தேன் பாத்தியில் ஒரு துண்டை மெதுவாக இழுத்துப் பார்த்தார். வந்துவிட்டது. முனையில் வெள்ளைத் தடிப்பு. பரவாயில்லை. திரும்பச் செருகி மண்ணை அமுக்கிவிட்டார். பக்கத்தில் இருந்தது இதைவிட நன்றாக இருக்குமோ? அதையும் பார்த்தார். தேனில் இப்படியென்றால் கறுவாவில் எப்படியிருக்கும்? கத்தாழையில்?

அதற்குப் பிறகு அது தினசரி வேலையாகிவிட்டது. பத்தாவது கிழமை ஒரு துண்டின் அடியில் மீசை மாதிரி இரண்டு வேர் பார்த்துச் சந்தோஷத்தில் அன்றைக்கே இன்னும் முப்பதை இழுத்தார். எல்லாவற்றையும் திரும்ப ஒழுங்காகத்தான் நட்டார். எந்த இலையும் ஒரு முறைப்பும் முறைக்கவில்லை. தேயிலை இலை தடித்த தோல்காரி, அடியில் செத்துப்போனாலும் மேலே பல நாள் பச்சையாகவே சிரிக்கும்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் காலை எட்டரைக்கெல்லாம் கணேசமூர்த்தி வந்துவிட்டார், கையில் புத்தகம். பெண்கள் ஒன்பது பேரும் வேலையைப் போட்டுவிட்டு வரிசையாக நின்றார்கள். ஒரு பாத்தியில் இருபது பையைக் கிழித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. நடைபாதையில் நின்றபடி கைக்கு எட்டிய பைகளை எடுத்தார்.

தேன் பாத்தியில் ஐந்தில்தான் வேர் இருந்தது. கறுவாவில் ஏழு. கத்தாழையில் எட்டு. ஜீவராஜ் வேட்டி நுனியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றார், இன்னும் இரண்டு சுற்று முறுக்கியிருந்தால் வேட்டி கயிறாகியிருக்கும். சுகிர்தத்தின் கயிற்றை அவிழ்த்து நாலாவது பாத்தியைப் பார்த்தால், இருபதுக்குப் பதினேழு.

எண்பதுக்கு முப்பத்தேழு. கணேசமூர்த்தி புத்தகத்தை மூடினார். கங்காணி கைபேசியைப் பார்த்துத் தோட்டத்தில் அடுப்படி வைத்தியம் பண்ணியதில் மூன்று பாத்தி வீணாகிவிட்டது, தேனும் கறுவாவும் கத்தாழையும் விஷம் மாதிரி வேலை செய்திருக்கின்றன, ஒரு பாத்திக்காகத் தவறணையை வைத்திருக்க முடியாது என்றார். ஜீவராஜுக்கு உள்ளுக்குள் ஒரு அற்பமான நிம்மதி வந்தது. பழி தேன் மேல் விழுந்தது. தேன் வாய் திறக்காது.

“ஐயா,” என்றார் சுகிர்தம். “மண்திட்டுப் பக்கமும் இருபது இருபது பாத்திருங்க.”

எதற்கு என்று ஒபிசர் கேட்டார். சும்மாதான் என்றார் சுகிர்தம். அந்தப் பக்கம் நிற்க இடமில்லை. மேலேயிருந்து குப்புறப் படுத்துத்தான் எடுக்க வேண்டும். கணேசமூர்த்தி படுக்கவில்லை, சுகிர்தம் படுத்தார். ஒவ்வொரு பையாக மேலே நீட்ட நீட்ட ஒபிசர் கிழித்துக் கிழித்துப் பார்த்தார். தேன் பன்னிரண்டு. கறுவா பதினைந்து. கத்தாழை பதினேழு. சும்மா பாத்தி, அந்தப் பக்கமும் பதினேழு.

ஒபிசர் பேனாவைக் காதில் வைத்தார். ஒரே தேன், ஒரே நாள், ஒரே மண். பாதைப் பக்கம் ஐந்து, திட்டுப் பக்கம் பன்னிரண்டு. தேன் பாதி வழியில் மனதை மாற்றிக்கொள்ளுமா?

சுகிர்தம் ஜீவராஜைப் பார்க்கவே இல்லை. மண்ணைத் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். அவர் பார்த்திருந்தால்கூட ஜீவராஜ் கோபப்பட்டு எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஒன்பது பேர் நின்றார்கள். முழங்கால் வீங்கின மூத்தவள் பிரியந்தி ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய மறுகால் பன்னிரண்டாம் நம்பருக்கு எப்படிப் போகும் என்று ஜீவராஜ் நினைத்தார். நினைத்த மாத்திரத்தில் உண்மை அவர் வாயைக் கேட்காமல் வெளியே வந்துவிட்டது.

“ஐயா, அது தேனு இல்லைங்க. நான்தாங்க. வேர் வந்துருச்சான்னு தினம் புடுங்கிப் பாத்தேன். பாதைப் பக்கம்தான் கை எட்டுச்சு.”

“தினமுமா?”

“ஞாயிறு லீவு.”

“போன வருசம்?”

ஜீவராஜ் தலையைக் குனிந்தார். “போன வருசம் ரெண்டு பக்கமும் எட்டுச்சுங்க. இந்தத் திட்டு பிறகு சரிஞ்சது.”

கணேசமூர்த்தி பேனாவைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் செருகினார். பிறகு கீழே குந்தி, சுகிர்தத்தையும் பக்கத்தில் குந்தச் சொல்லி, திட்டுப் பக்கத்துத் துண்டுகளை நாலு குவியலாகப் பரப்பினார். தேன் துண்டுகளில் வேர் பிடிக்காதவற்றின் முனை கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. இனிப்பு என்றால் பூசணத்துக்கும் ஆசைதானே என்றார் சுகிர்தம். கறுவாத் துண்டுகளில் பூசணம் இல்லை, சுத்தமாக இருந்தன, ஆனால் தூள் அப்பிய இடத்தில் முனை காய்ந்து சுருங்கியிருந்தது. அழுகாமல் காக்கும் போலிருக்கிறது, வேரைக் கூப்பிடாது என்று அவர் முடிவு கட்டினார். கத்தாழைக்கும் வெறும் தண்ணீருக்கும் வித்தியாசம் பார்க்க அவருக்கும் தெரியவில்லை, ஒபிசருக்கும் தெரியவில்லை.

“அப்ப கத்தாழை ஒதவுதா, இல்லையா?”

“கெடுதல் பண்ணலைங்க. ஒதவுச்சுன்னு சொல்ல எங்கிட்ட சாட்சி இல்ல. இருபது துண்ட வச்சு என்னத்தச் சொல்றது. நூறு நூறா நட்டு, யாரும் தொடாம இருந்தா சொல்லலாம்.”

திட்டுப் பக்கத்துக் கணக்கு எண்பதுக்கு அறுபத்தொன்று, ஐம்பத்தாறே போதும். கணேசமூர்த்தி அதைத்தான் புத்தகத்தில் எழுதினார். தவறணை இருக்கும் என்றார். பொறுப்பு சுகிர்தத்துக்கு. ஜீவராஜ் இனிமேல் பாத்திப் பக்கம் போகக் கூடாது, வேலிக்கு வெளியே மண் சலிக்க வேண்டும். கங்காணி என்ற பெயர் போனது ஜீவராஜுக்கு வலித்தது. ஆனாலும் பிரியந்தி சத்தமில்லாமல் மூக்கைச் சிந்திவிட்டு தண்ணீர் விடும் வாளியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, சல்லடையை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே போனார்.

அடுத்த வாரம் சுகிர்தம் நூறு கத்தாழைத் துண்டும் நூறு வெறும் துண்டும் நட்டார். போத்தலில் மிச்சமிருந்த தேனை யூஜினா வாங்கிவைத்துக்கொண்டார். காலை பத்து மணிக்கு நட்டு முடிந்து, கூடாரம் மூடி, கயிறு கட்டியாயிற்று. பத்தே காலுக்கு வேலிக்கு வெளியே ஜீவராஜின் சல்லடைச் சத்தம் நின்றது.

“அக்கா.”

“என்ன?”

“ஒண்ணுமில்ல. ஏதாச்சும் தெரியுதா?”

சுகிர்தம் ஒரு கோணிஊசியை எடுத்துக் கூடாரத்தின் பாதைப் பக்கத்தைத் தைக்க ஆரம்பித்தார். ஜீவராஜ் வேலிக்கு வெளியே நின்றபடி, அவருக்கு நூல் விட்டுக் கொடுத்தார்.